நிரந்தரத் தலைவர்

சங்க அலுவலகத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முதல் வணக்கம் ஒரு காலி நாற்காலிக்குத்தான். மேசைக்கு நடுவில் அது கிடக்கும். அதில் தலைவரின் படம் சாய்ந்து நிற்கும். உயிரோடு இருந்த காலத்தில் அந்த மனுஷன் அதில் உட்கார்ந்ததே அபூர்வம். ஆலை வாசலில் கவிழ்த்துப் போட்ட பீப்பாய்தான் அவருக்கு மேடை, ஆசனம் எல்லாம். செத்த பிறகுதான் பாவம், உட்கார நேரம் கிடைத்தது.

செயலாளருக்கு இப்போதெல்லாம் அந்த நாற்காலியைப் பார்த்தாலே அலுப்பாக இருந்தது. ஆலையின் லேத் பட்டறையில் வேலை, மீதி நேரமெல்லாம் சங்கம் என்று பாதி ஆயுளை ஓட்டிவிட்டவர். அவரை எல்லோரும் செயலாளர் என்றே கூப்பிட்டுப் பழகி, கோபம் வந்தால் அவர் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள். அன்று காலை தொழிலாளர் அலுவலகத்தில் நடந்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

போன வேலைநிறுத்தத்தில் வேலையிழந்தவர்களை எல்லாம் பழைய பணிமூப்போடு திரும்ப எடுத்துக்கொள்ளக் கம்பெனி ஒருவழியாக இறங்கி வந்திருந்தது. ஒப்பந்தம் தயார். கம்பெனி சார்பில் பணியாளர் அதிகாரி வந்திருந்தாள்; செயலாளரின் மகள் வயதுதான் இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த தொழிலாளர் அலுவலர் சங்கத்தின் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"சங்கத் தரப்புல தலைவரும் செயலாளரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும்னு உங்க விதியிலேயே இருக்கு. தலைவர் யாரு?"

செயலாளர் பெயரைச் சொன்னார்.

"அவர் காலமாயிட்டாரே."

"ஆமா சார். அவர்தான் நிரந்தரத் தலைவர்."

அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேலி செய்யவில்லை, அதுவே செயலாளருக்குக் கூடுதல் கூச்சமாக இருந்தது. "துணைத் தலைவர்?"

"அந்தப் பதவியே கிடையாது சார். தலைவர் ஒருத்தரே போதும்னு..."

"சரி, நீங்க மட்டும் போட்டா நான் வாங்கி வெச்சுக்கலாம். ஆனா நாளைக்கு யாராவது செல்லாதுன்னு கோர்ட்டுக்குப் போனா நிக்காது. உள்ள போனவங்க எல்லாம் மறுபடியும் வெளியதான் நிக்கணும்."

"நான் கோர்ட்டுக்குப் போக மாட்டேன்" என்றாள் பணியாளர் அதிகாரி. "ஆனா நான் எத்தனை நாள் இந்த நாற்காலியில இருப்பேன்னு எனக்கே தெரியாது. எனக்கு அடுத்து வர்றவங்க காகிதத்தைத்தான் பாப்பாங்க, என் மனசைப் பாக்க மாட்டாங்க. நிர்வாகக் குழு எனக்குக் கொடுத்த அனுமதியும் இந்த மாசக் கடைசி வரைக்கும்தான்."

வழி ஒன்றுதான் என்றார் அலுவலர். முறைப்படி அறிவிப்புக் கொடுத்துப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கைதூக்கி அந்த விதியை எடுக்க வேண்டும். புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சொல்வதற்கு எவ்வளவு சுலபம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று தலைவரை நாற்காலியிலிருந்து இறக்குங்கள் என்று சொல்லப்போகிற வாய் செயலாளருடையது.

அதிலும் ஒரு வினை இருந்தது. வேலை போனவர்களின் பட்டியலில் அவருடைய மருமகனும் இருந்தான். கிரேன் ஓட்டுகிறவன். வேலை போனதும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெண்டாட்டியோடு மாமனார் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்திருந்தான். நல்ல பையன், அதிகம் பேசமாட்டான். சாப்பாட்டுத் தட்டை அவனே கழுவி வைத்துவிட்டுப் போவான். அந்தத் தட்டுக் கழுவும் சத்தம் கேட்கும்போதெல்லாம் செயலாளர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

இந்த நிரந்தரத் தலைவர் விவகாரம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆலை முதலில் ஒரு குடும்பத்தின் சொத்து. முதலாளியை எல்லோரும் ஐயா என்பார்கள். அவருக்கு முன் அவர் அப்பா ஐயா. அப்பன் ஓய்வு பெற்றால் மகனுக்கு வேலை. கல்யாணம் என்றால் ஐயா வீட்டிலிருந்து துணி வரும். ஐயாவுக்கு மூக்குமேல் கோபம் வந்தால் வேலையும் போகும். கேட்பாரில்லை. ஆனால் அவரும் நினைத்தபடி எல்லாம் ஆடிவிட முடியாது. ஒருமுறை கல்யாணத் துணியை நிறுத்தப் பார்த்தார். தொழிலாளிகள் சட்டம் பேசவில்லை. "உங்க அப்பா காலத்துல இப்படி இல்லீங்களே" என்று வாசலில் நின்று முணுமுணுத்தார்கள். அடுத்த கல்யாணத்துக்குத் துணி வந்துவிட்டது. வழக்கம்தான் அவருக்கு அதிகாரம் கொடுத்தது. அந்த வழக்கமே அவர் கையையும் கட்டியது.

அப்போதுதான் தலைவர் வந்தார், ஐயா வேலையை விட்டு நிறுத்திய ஒரு தொழிலாளி. பதவி கிடையாது, படிப்பு கிடையாது, சம்பளம் கிடையாது. வாசலில் பீப்பாய்மேல் ஏறிப் பேசினார், அவ்வளவுதான். இரும்பு வார்க்கிறவன் வேலையைப் போட்டுவிட்டு அழுதான். அடியாட்கள் வந்தபோது முதல் ஆளாய்ப் போய் நின்றார். மண்டை உடைந்தும் பேச்சை நிறுத்தவில்லை. அன்றிலிருந்து 'தலைவர் சொல்லிட்டார்' என்றால் மேற்கொண்டு கேள்வி கிடையாது. யார் வீட்டிலாவது சாப்பிட்டுக்கொண்டார், யார் கொடுத்த சட்டையையாவது போட்டுக்கொண்டார். ஒரு வேலைநிறுத்தம் தோற்றபோது மட்டும் கொஞ்ச நாள் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மறுபடி ஜெயித்துக் காட்டிய பிறகுதான் கும்பிட்டார்கள். அந்த மாதிரி ஆளுக்குத் தினமும் பரீட்சைதான். ஒருநாள் தவறினாலும் நேற்றைய மார்க் எடுபடாது.

அவர் போனதும் பிரேதம் எடுத்த சூடு ஆறும் முன்னே பொதுக்குழு கூடியது. கொதிகலன் பகுதியில் வேலை பார்க்கும் பாய்லர் அண்ணன், தலைவரின் வலதுகை என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர், அழுதுகொண்டே தீர்மானம் போட்டார்: அந்தப் பதவியில் எக்காலத்திலும் வேறு எவரும் உட்காரக்கூடாது. செயலாளர் எழுந்து, பட்டம் கொடுப்போம், பதவியைப் பூட்ட வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார். பின்னாலிருந்தவர்கள் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். தீர்மானம் முறைப்படி இருந்ததால் பதிவு அலுவலகத்தில் மறுபேச்சில்லாமல் முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள். பாசத்தைக் கொண்டுபோய் விதிக்குள் பூட்டிவிட்டுச் சாவியைத் தூக்கி எறிந்த கதை இது. பிறகு ஆலை கை மாறியது. ஐயா போய்க் கம்பெனி வந்தது; குறிப்பாணை, விசாரணை, மேல்முறையீடு என்று எல்லாம் எழுத்தில் வந்தது. சங்கம் மட்டும் செத்தவரின் தலைமையில், செயலாளர் ஒருவரின் கையெழுத்திலேயே நடந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். செயலாளரின் மனைவிக்கு அண்ணன். அவர்கள் குடும்பம் ஒரு பிரார்த்தனை இல்லத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொள்ளும் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணை ஒரு லேத் தொழிலாளிக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்பது தனிக்கதை. அதை மனைவி இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மச்சான் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"மாப்ள, எங்க கொள்ளுத்தாத்தா கை வெச்சா காய்ச்சல் போயிடும்னு ஜனம் நம்புச்சு. அவருக்கு யாரும் பட்டம் கட்டல. அவர் போனதும் எல்லாருக்கும் பயம், இனிமே யாரைக் கும்பிடறதுன்னு. மகனைப் பிடிச்சு உக்கார வெச்சாங்க. அப்புறம் மகனுக்கு மகன். இப்ப நான். நான் கை வெச்சா காய்ச்சல் ஏறாம இருந்தாலே பெரிய விஷயம்."

மனைவி சமையலறையிலிருந்து சிரித்தாள்.

"அப்ப உங்களை எதுக்குக் கும்பிடறாங்க?"

"வழக்கம். அந்த ஆசனத்துல எங்க ரத்தம் உக்காந்திருக்கணும், அவ்வளவுதான். நான் நல்லவனா கெட்டவனான்னு யாரும் கேக்கல. ஆனா எங்க சித்தப்பா ஒருத்தர் இல்லத்து நிலத்தைத் தன் நிலம் மாதிரி எழுதிக் கொடுத்தாரே, அப்ப கேட்டாங்க. கோர்ட்டு அறக்கட்டளை போட்டுச்சு. இப்ப ஆசனம் எனக்கு, சாவியும் கையெழுத்தும் அறங்காவலருக்கு. அவர் ரெண்டு வருஷத்துக்கு ஒருத்தர் மாறுவார். பேரு கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனா கூரை ஒழுகினா ஆள் வருது."

"உங்களுக்கு வருத்தமில்லையா மச்சான்?"

"ஆரம்பத்துல இருந்துச்சு. இப்ப தூக்கம் வருது." மச்சான் கொட்டாவி விட்டார். "நீயும் அப்படியே பிரிச்சுடு. படம் அங்கயே இருக்கட்டும், கும்பிடு. கையெழுத்தை மட்டும் உயிரோட இருக்கிறவன்கிட்ட கொடு."

யோசனை நல்ல யோசனைதான். அதைக் கூட்டத்தில் யார் சொல்வது? செயலாளர் சொன்னால் மருமகனுக்காக என்பார்கள். தலைவரின் மகன் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்து மறுநாள் சின்னவரைப் பார்க்கப் போனார்.

சின்னவர் இப்போது நகரமன்ற உறுப்பினர். அப்பா கடைசிக் காலத்தில் அந்த வார்டில் ஜெயித்தவர். அவர் இறந்ததும் கட்சி தேடிப் பார்க்கவே இல்லை; மகனைக் கையைப் பிடித்து நிறுத்தியது. சுவரொட்டியில் அப்பா படம் பெரிதாகவும் இவர் படம் தபால்தலை அளவிலும் இருந்தது. ஜெயித்தார். அவருடைய அலுவலகத்தில் மனுக்களோடு நாலைந்து பேர் காத்திருந்தார்கள். மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றியது.

"அண்ணே, என்னை விட்டுடுங்க" என்றார் சின்னவர், முழுதும் கேட்காமலே. "நான் அங்க வந்தா என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? நான் வாயைத் திறக்கும் முன்னாடியே என்னைத் தூக்கி அந்த நாற்காலியில வெச்சிடுவாங்க. நான் ஆலைக்குள்ள கால் வெச்சதே இல்ல. உங்க விதிப்படி தொழிலாளிதான தலைவரா இருக்க முடியும்?"

"அதைச் சொல்லத்தான் கூப்பிடறேன். நீங்க சொன்னா கேப்பாங்க."

"எங்க அப்பா சொன்னா கேட்டாங்க. நான் சொன்னா, அப்பா மாதிரியே பேசுறான்னு கண்ணைத் துடைச்சுக்கறாங்க. என்ன சொன்னேன்னு ஒருத்தருக்கும் தெரியாது." வெளியே காத்திருந்தவர்களைக் காட்டினார். "அந்த அம்மா தெருவுக்கு ஒரு விளக்கு வேணுமாம். அப்பாவா இருந்தா ஆணையர் மேசைமேல ஒரு தட்டு தட்டுவார், விளக்கு எரியும். நான் போனா ஒப்பந்தப்புள்ளி, ஒதுக்கீடு, வரிசைங்கறார். அவர் சொல்றதும் தப்பில்ல. அப்பா தட்டின தட்டுல எத்தனை தெருவோட விளக்கு இந்தப் பக்கம் வந்துச்சோ, யார் கண்டா?"

செயலாளர் எழுந்துகொண்டார். அந்தப் பையன்மேல் கோபம் வரவில்லை. தன்னைப்போலவே களைத்துப் போயிருக்கிறான் என்று மட்டும் பட்டது.

பொதுக்குழு அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. செயலாளர் விதியைப் படித்தார். ஒப்பந்தத்தைப் படித்தார். மச்சான் சொன்னதையும் தன் வார்த்தையில் சொன்னார்: மரியாதை வேறு, பதவி வேறு, படம் அங்கேயே இருக்கும், பதவியை மட்டும் திறந்துவிடுவோம். எல்லாம் சரியாகத்தான் சொன்னார். கூட்டம் சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தது. சரியான பேச்சுக்கு எப்போது கைதட்டியிருக்கிறார்கள்?

பாய்லர் அண்ணன் எழுந்தார். "தலைவர் ரத்தம் சிந்தின சங்கம் இது. அவரை எடுத்துட்டு யாரை வெக்கப் போறோம்? எதுக்கு இந்த அவசரம்? அந்தப் பட்டியல்ல யார் பேரு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். மருமகனுக்கு வேலை வாங்கத் தலைவரையே இறக்கறதா?"

மண்டபம் இரைந்தது. துரோகி என்று ஒரு குரல் கேட்டது. அதைத் தொடர்ந்து பல குரல்கள். வேலை போனவர்களே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் ஒவ்வொருவன் வீட்டுக்கும் நடந்த கால் அது. உள்ளே எதுவோ அறுந்தது.

"என் மருமகன் வேலை எனக்கு வேண்டாம்" என்றார்.

இரைச்சல் அடங்கவில்லை. மறுபடியும், இந்த முறை அடிவயிற்றிலிருந்து சொன்னார். "கேளுங்க. அவன் பேரை நான் எடுத்துடறேன். மத்தவங்க எல்லாரும் உள்ள போகட்டும். என் வீட்டுக்கு ஒண்ணும் வேண்டாம். என் மக என் சோத்தையே தின்னுட்டுப் போறா. தலைவர் தனக்குன்னு எதையாவது கேட்டாரா? நானும் கேக்கல. இப்பச் சொல்லுங்க, நான் துரோகியா?"

அடங்கிவிட்டது. அந்த நிசப்தம் செயலாளருக்குத் தெரிந்த நிசப்தம். பீப்பாய்க்கு எதிரே நின்று முன்பு கேட்டது. முகங்கள் எல்லாம் அவரை நோக்கி மலர்ந்துபோயிருந்தன. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார். பிறகு கைதட்டல் கிளம்பியது. கூரை போகும் போல இருந்தது. பாய்லர் அண்ணன் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "தலைவரைப் பாத்த மாதிரி இருக்குடா" என்று தேம்பினார். விதியாவது ஒன்றாவது, இவரைத் தலைவராக்குங்கள் என்று கத்தினார்கள். விதியைப் பற்றிச் சொன்னபோது அசையாதவர்கள் இப்போது எதை நீட்டினாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

அந்தச் சந்தோஷம் இருக்கிறதே, அது பொல்லாதது. செயலாளருக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றிருந்தது. அப்படியும், பழக்கதோஷம், "கை தட்டினது கணக்குல சேராது. கையைத் தூக்குங்க, எண்ணணும்" என்றார். எண்ணினார்கள். முதலில் விதி போயிற்று. அப்புறம் அவரைத் தலைவராகவும் பாய்லர் அண்ணனைச் செயலாளராகவும் தேர்ந்தெடுத்தார்கள். கடைசி வரிசையில் மருமகன் உட்கார்ந்திருந்ததை அவர் அப்போதுதான் கவனித்தார். அவன் கை மடியில் இருந்தது.

வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள் அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பாடு வைத்தாள். மனைவி மட்டும், "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அந்த நேரத்தில் மருமகன் தன் கையிலிருந்த ஒரு பொருள் மாதிரித்தான் இருந்தான். அதை நினைத்து வெட்கப்பட்டார். ஆனாலும் சொன்ன சொல்லை எப்படித் திருப்பி எடுப்பது?

தீர்மானத்துக்குப் பதிவு அலுவலகத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு, மாதக் கடைசிக்கு முன் தொழிலாளர் அலுவலகத்தில் கூடினார்கள். வேலை போனவர்களும் வந்திருந்தார்கள். அலுவலர் எல்லாவற்றையும் சரிபார்த்துத் தலையாட்டினார். பேனாவை எடுக்கும் முன் புதிய தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு பேரை மட்டும் எடுத்துடணும் சார். என் மருமகன் பேரு. பொதுக்குழுவுல சொல்லிட்டேன்."

"அவர் எழுதிக் கொடுத்திருக்காரா?"

"நான் சொல்றேனே சார். சங்கத் தலைவரா சொல்றேன். மாமனாராவும் சொல்றேன்."

"தலைவரா நீங்க ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலாம்" என்றார் அலுவலர், பொறுமையாக. "அவர் வேலை அவரோட உரிமை. அதை விட்டுக்கொடுக்க அவராலதான் முடியும். மாமனாருக்கு இந்த மேசையில இடமே இல்ல." பணியாளர் அதிகாரியும் ஆமோதித்தாள். எல்லாப் பெயரோடும்தான் தனக்கு அனுமதி, ஒன்றைக் குறைக்கத் தனக்கும் அதிகாரமில்லை என்றாள்.

எல்லோரும் மருமகனைப் பார்த்தார்கள். பாய்லர் அண்ணன் அவன் தோளில் கை வைத்தார். "தம்பி, மாமாவோட வார்த்தை சபையில நிக்குது. காப்பாத்து."

மருமகன் அந்தக் கையை மெதுவாக எடுத்து விட்டான். "மாமா, என்னை யாரும் கேக்கல. கேட்டிருந்தா மாட்டேன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன். நான் கிரேன் ஓட்டறவன், எனக்கு என் வேலை வேணும்."

கோபமாகச் சொல்லவில்லை. செயலாளராக இருந்து தலைவராகிவிட்ட அந்த மனுஷனுக்கு நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கியது போலவும் இருந்தது, முதுகில் யாரோ குத்தியது போலவும் இருந்தது. பாய்லர் அண்ணனைப் பார்த்தார். சில நாட்களுக்கு முன் கட்டிப்பிடித்து அழுத அந்த முகம் கல்லாகிவிட்டிருந்தது.

"நாடகம் ஆடிட்டீங்க" என்றார் பாய்லர் அண்ணன். "மாமனும் மருமகனும் பேசி வெச்சுக்கிட்டு."

"இல்ல அண்ணே. சத்தியமா இல்ல."

"நம்பிட்டோமே, அதைச் சொல்லணும்."

"நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா இவங்க எல்லாரும் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம்" என்றார் அலுவலர். பாய்லர் அண்ணன் காத்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்தார். பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தலைவரும் போட்டார். ஒப்பந்தம் செல்லுபடியாகிவிட்டது. அவரை யார் நேசிக்கிறார்கள், யார் வெறுக்கிறார்கள் என்று அந்தக் காகிதம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆலை வாசலில் மருமகன் மற்றவர்களோடு உள்ளே போனான். போகும்போது மாமனாரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். அவன் ஒருவன்தான் அசைத்தான். மற்றவர்கள் அவர் நின்ற பக்கம் பார்க்காமலே கடந்தார்கள். யாரோ காறித் துப்பிய சத்தம் கேட்டது. தன்னை நோக்கித்தானா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பதவியை உதறிவிட்டுப் பேசாமல் லேத்துக்குத் திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது.

சாயங்காலம் ராஜினாமாவை மனதுக்குள் எழுதிக்கொண்டே சங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். வார்ப்புப் பகுதித் தொழிலாளி ஒருவன் வந்தான். பொதுக்குழுவில் முதலில் கைதட்டியவர்களில் ஒருவன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. குறிப்பாணை ஒன்றை மேசைமேல் வைத்தான். அவனைத் தற்காலிக நீக்கம் செய்திருந்தார்கள்.

"மேல்முறையீடு போடணும். தலைவர் கையெழுத்து வேணுமாம்."

"என்ன நடந்துச்சு, சொல்லு."

"எல்லாம் அதுலயே இருக்கு." அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு உங்க மேல ஒண்ணும் மரியாதை இல்ல. வேற யார்கிட்ட போறதுன்னு கேட்டேன். உங்ககிட்டதான் போகணும்னாங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறிப்பாணையை மேலிருந்து படிக்க ஆரம்பித்தார். விளக்கம் கொடுக்க அவனுக்கு விட்ட கெடு, குறிப்பாணையின் தேதிக்கு முன்னாலேயே முடிந்திருந்தது. அவனைக் காப்பாற்ற அது போதும்.